பழைய வீட்டுப் பிளானை ஓட்டோகாட்டுக்குள்ள எடுத்து ஒரே ஒரு அளவை வைச்சு ஸ்கேல் பண்ணினா அளவு பிழைக்குது, ஏன்?

பூவரசு
எல்லாருக்கும் வணக்கம். கோண்டாவில்ல என்ர மாமி வீட்டுக்கு மேல்மாடி போடப்போகினம், கீழ்வீட்டுப் பிளானை முதல்ல ஓட்டோகாட்ல கீறித் தா எண்டு என்னட்டத் தந்திருக்கினம். ஒரிஜினல் பிளான் இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில துலைஞ்சு போச்சு, இருக்கிறது ஒரு போட்டோக்கொப்பி மட்டும்தான், அதைக் கடையில குடுத்து ஸ்கான் பண்ணி IMAGEATTACH போட்டு உள்ள எடுத்திட்டன். கொப்பியில கன அளவுகள் அழிஞ்சு போச்சு, வாசிக்கக்கூடியதா இருந்ததில முன்கதவு 3 அடி எண்டது தெளிவா இருந்தது. அதால SCALE போட்டு R குடுத்து கதவின்ர ரெண்டு பக்கமும் கிளிக் பண்ணி 36 எண்டு அடிச்சன். வந்திட்டுது எண்டு சந்தோசமா இருந்து வீட்டின்ர முன்பக்க அகலத்தை DIST போட்டுப் பாத்தா 43 அடி 1 இஞ்சி வருகுது. பிளான்ல முன்பக்கம் 42 அடி எண்டு மங்கலா எழுதியிருக்கு, பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தாலும் 42 தான். ரெண்டு மூண்டு தரம் திருப்பிச் செய்து பாத்தன், ஒவ்வொரு தரமும் வேற வேற அளவு வருகுது, ஒருக்கா 42 அடி 7 இஞ்சி, ஒருக்கா 41 அடி சொச்சம். ஓட்டோகாட் பிழையோ நான் பிழையோ தெரியேல்ல, ஆராவது சொல்லுங்கோ.

வடலி
தங்கச்சி உவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. பழைய பிளான் எல்லாம் 1 இஞ்சிக்கு 8 அடி ஸ்கேல்லதான் கீறுறவை, பிளான்ர கீழ்மூலையைப் பாருங்கோ எழுதியிருக்கும். 8 அடி எண்டா 96 இஞ்சி, அப்ப இமேஜை 96 மடங்கு பெருப்பிச்சு விட்டாச் சரி. கதவு ஜன்னல் ஒண்டையும் கிளிக் பண்ணத் தேவையில்லை. நான் எப்பவும் உப்பிடித்தான் செய்யிறது.

பூவரசு
ஓம் அண்ணா கீழ 1/8" = 1'-0" எண்டுதான் இருக்கு. செய்து பாத்திட்டு வாறன்.

உளி
லேஅவுட்ல வியூபோர்ட்டை டபிள் கிளிக் பண்ணி ஸ்கேலை 1:100 ஆக்கி லொக் பண்ணிப்போட்டு பிரின்ற் எடுங்கோ, சரியா வரும். பிரின்ற் எடுக்கேக்க Fit to paper டிக் இருந்தா எடுத்துவிடுங்கோ.

மட்டத்தடி
உளி தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது பிரின்ற் எடுக்கிறதைப் பற்றி இல்லை. உள்ள வந்த படத்தை உண்மையான அளவுக்குக் கொண்டுவாறது வேற கதை.

பூவரசு, ஓட்டோகாட் பிழை இல்லை, நீங்களும் பெரிசாப் பிழை விடேல்ல. நீங்கள் பிடிச்ச அளவுதான் பிழை. ஒரு கேள்வி, அடிமட்டம் ஒண்டை எடுத்து அந்தக் கொப்பித் தாளில முன்பக்க அகலத்தை அளந்து சொல்லுங்கோ, தாளில எத்தினை மில்லிமீற்றர் எண்டு. ஸ்கிறீன்ல இல்லை, தாளில.

பூவரசு
அடிமட்டத்தில 124க்கு ஒரு மயிரிழை குறைய அண்ணை. இஞ்சிப் பக்கத்தில பாத்தா 4 இஞ்சியும் 7/8உம்.

வடலி அண்ணா சொன்ன 96ஐயும் போட்டுப் பாத்தன், சும்மா SCALE 96 போட்டா என்னவோ கடல் மாதிரிப் பெரிசா வருகுது, பேந்து தாள் சைஸுக்கு முதல்ல கொண்டுவந்திட்டு 96 போட்டன், 39 அடி வந்தது. இப்ப இன்னும் குழப்பமாப் போச்சு.

மட்டத்தடி
39 வரத்தான் வேணும். 4 7/8ஐ 96ஆல பெருக்கிப் பாருங்கோ, 468 இஞ்சி, அது 39 அடி. ஒரிஜினல் தாளில 42 அடி எண்டா 5 1/4 இஞ்சி இருந்திருக்கும். ஆரோ பெரிய தாளை ஏ4க்குள்ள அடக்கிறதுக்கு 93 வீதத்துக்குச் சுருக்கிக் கொப்பி எடுத்திருக்கினம். கீழ எழுதின ஸ்கேல் அப்பிடியே இருக்கு, ஆனா படம் சுருங்கிப் போச்சு. வடலி சொன்னது ஒரிஜினல் தாளை அதே சைஸில ஸ்கான் பண்ணியிருந்தா ஓடியிருக்கும், கொப்பிக்கு ஓடாது. அதோட இமேஜ் உள்ள வரேக்க என்ன சைஸில வருகுது எண்டது ஸ்கான் எடுத்த ரெசலூசன்லயும் நீங்கள் வைச்சிருக்கிற யூனிற்லயும் தங்கியிருக்கு, அதால ஒரு நம்பரால பெருக்குறது எப்பவும் குருட்டு வேலை. Reference போடுறதுதான் சரியான வழி, அதில உங்களுக்குப் பிழை இல்லை.

இப்ப கதவுக்கு வருவம். 3 அடிக் கதவு உங்கட தாளில எவ்வளவு நீளம்? 9 மில்லிமீற்றர் கூட இல்லை. கோடு அரை மில்லிமீற்றர் மொத்தம், போட்டோக்கொப்பியில இன்னும் ஊதியிருக்கும். கோட்டுக்கு உள்பக்கம் கிளிக் பண்ணினீங்களோ, நடுவிலயோ, வெளியிலயோ ஆருக்குத் தெரியும். தாளில கால் மில்லிமீற்றர் கூட இல்லை, அந்தளவு உள்ளுக்கை கிளிக் பண்ணியிருந்தாலே கதவு 36க்குப் பதிலா 35.1 மாதிரி ஆகியிருக்கும். நீங்கள் அதை 36 எண்டு சொன்னதால அது முழு வீட்டையும் இரண்டரை வீதம் பெருப்பிச்சுப் போட்டுது. 42 அடியில இரண்டரை வீதம் எவ்வளவு? ஒரு அடிக்கு மேல. அதுதான் உங்கட 43 அடி 1 இஞ்சி.

அதே கைப்பிழையை 42 அடிச் சுவரில விட்டா? தாளில 124 மில்லிமீற்றரில கால் மில்லிமீற்றர். முழு வீட்டுக்கும் சேத்து ஒரு இஞ்சிக்குக் கிட்டத்தான் பிழைக்கும். கை அதே கைதான், பிடிச்ச இடம்தான் வித்தியாசம். அதால வாசிக்கக்கூடிய அளவுகளுக்குள்ள ஆக நீளமானதை எடுங்கோ. கதவைத் தொடவே வேண்டாம், 3 அடி எண்டு எழுதினா அது நிலையோட சேத்தோ நிலைக்கு உள்ளோ எண்டும் தெரியாது, அதில மட்டும் நாலைஞ்சு இஞ்சி ஓடிடும்.

அலுவாங்கு
மட்டத்தடி அண்ணை சொல்லுறது சரி, ஆனா அதுக்கு முதல் UNITS போய் இஞ்சியை மில்லிமீற்றர் ஆக்கிப் பாத்தனீங்களோ? எனக்கு உப்பிடி ஒருக்கா வந்தது. கொழும்பில இருந்து ஒரு ஓபிஸ் அனுப்பின டிடபிள்யூஜி பைல், திறந்து பாத்தா 42 அடி இருக்க வேண்டிய சுவர் 12.8 எண்டு வருகுது. UNITS மாத்தினாச் சரியாகும் எண்டு சொன்னவை, மாத்தினன், ஒண்டும் நடக்கேல்ல, பேந்து நானும் Reference போட்டுத்தான் சரிக்கட்டினன். ஆனா அண்டைக்குப் பிறகு எல்லா அளவும் 41 அடி 11 15/16 எண்டு அறம்புறமா வந்தது, இண்டைக்கும் அந்தப் பைலைக் கண்டா எரிச்சல்.

மட்டத்தடி
UNITS போட்டு மாத்தினா ஏற்கனவே கீறிக் கிடக்கிற கோடு ஒரு மயிரளவும் நகராது. அது அளவை எப்பிடிக் காட்டுறது, இனி வெளியில இருந்து செருகிற பைலை எப்பிடி எடுக்கிறது எண்டதைத்தான் மாத்தும்.

உங்கட கேஸ் பூவரசின்ர கேஸ் இல்லை. அவவுக்கு ஸ்கான் படம், அதில சரியான அளவு எண்டு ஒண்டு உள்ள இல்லை. உங்களுக்கு வந்தது உண்மையான கோடுகள், மீற்றரில கீறினது. 42 அடி எண்டா 12.8016 மீற்றர். அப்பிடிப்பட்ட பைலில கிளிக் பண்ணி Reference போடக்கூடாது, ஏனெண்டா மீற்றரை இஞ்சியாக்கிற கணக்கு ஏற்கனவே துல்லியமாத் தெரியும், நீங்கள் கிளிக் பண்ணின பொயின்ற் கொஞ்சம் விலகினதாலதான் 15/16 வந்தது. R குடுத்திட்டு எலியைத் தொடாம நம்பரை அடியுங்கோ:

```
Specify scale factor or [Copy/Reference]: R
Specify reference length: 0.0254
Specify new length or [Points]: 1
```

0.0254 மீற்றர்தான் 1 இஞ்சி, அது சரியான எண், முடிவில்லாத தசமம் இல்லை. 39.37 எண்டு அடிச்சா கடைசியில கொஞ்சம் சிந்தும், இப்பிடி அடிச்சாச் சிந்தாது. எந்தப் பைல் வந்தாலும் முதல்ல தெரிஞ்ச அளவை DIST வந்த அளவால பிரிச்சுப் பாக்கிறது என்ர பழக்கம். 25.4, 304.8, 12, 1000, 39.37 மாதிரி முகம் தெரிஞ்ச நம்பர் வந்தா அது யூனிற் குழப்பம், நம்பராலயே திருத்துங்கோ. 17.463 எண்டு ஊர் பேர் தெரியாத நம்பர் வந்தா ஸ்கான் அல்லது பிடிஎவ், அதுக்குத்தான் நீளமான சுவர்.

ஒண்டு, டிடபிள்யூஜியில எழுதிக் கிடக்கிற டைமென்சனை நம்பாதேங்கோ. சில பேர் எழுத்தைக் கையால மாத்தி வைச்சிருப்பினம், சில பேர் DIMLFAC மாத்தி 2ஆல பெருக்கிக் காட்டுவினம். 42' எண்டு காட்டும், DIST போட்டா 21 இருக்கும். DIST பொய் சொல்லாது.

அலுவாங்கு
இதை அப்பவே ஆராவது சொல்லியிருந்தா ரெண்டு கிழமை மிச்சம். நன்றி அண்ணை.

நுங்கு
என்ர கதையையும் கேளுங்கோ, சிரிக்கக்கூடாது. எங்கட காணிக்குச் சேவையர் கீறின பழைய பிளான் ஒண்டு, அதை ஸ்கான் பண்ணி ஒரு எல்லையில 112 எண்டு எழுதியிருந்ததைப் பிடிச்சு 112 அடி எண்டு ஸ்கேல் பண்ணினன். நீளமான பக்கம்தான் பிடிச்சன், மட்டத்தடி அண்ணை சொன்ன மாதிரியே. பேந்து AREA போட்டுப் பாத்தா 5.74 பரப்புக் காட்டுது. உறுதியில 2 பரப்பு 9 குழி. அப்பு காலத்தில இருந்து பக்கத்துக் காணிக்காரர் எங்கட காணியைப் பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு வீட்டில ரெண்டு நாள் ஒரே கொதி. அண்ணன் லோயரிட்டப் போறன் எண்டு வெளிக்கிட்டும் போட்டார். பேந்து ஓய்வுபெற்ற சேவையர் ஒருத்தர் பிளானைக் கையில எடுத்துப் பாத்திட்டுக் கேட்டார், தம்பி இது லிங்க்ஸ் எல்லோ எண்டு.

மட்டத்தடி
சிரிக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு லிங்க் 0.66 அடி, நூறு லிங்க் ஒரு செயின், 66 அடி. 112 லிங்க்ஸ் எண்டா 74 அடிக்குக் கிட்டத்தான். நீளத்தில 0.66 எண்டா பரப்பளவில 0.66ஐ 0.66ஆல பெருக்க வேணும், 0.4356. உங்கட 5.74ஐ அதால பெருக்குங்கோ, 2.5 பரப்பு வரும், 18 குழி ஒரு பரப்பு எண்டா 2 பரப்பு 9 குழி. சொட்டுப் பிழையும் இல்லை. உங்கட கிளிக் நல்லது, யூனிற்தான் பிழை.

காணிப் பிளான் ஸ்கேல் பண்ணுறவைக்கு இதுதான் ஆக நல்ல சோதனை, எழுதின விஸ்தீரணத்தோட AREAவை ஒத்துப் பாக்கிறது. நீளத்தில 1 வீதம் பிழைச்சா விஸ்தீரணத்தில 2 வீதம் பிழைக்கும், அதால ஒளிக்க ஏலாது.

நுங்கு
அண்ணன் இன்னும் முழுசா நம்பேல்ல அண்ணை, அது வேற பிரச்சினை.

பூவரசு
வந்திட்டன். 42 அடியைப் பிடிச்சுத் திருப்பிச் செய்தன். ஆனா ஒண்டு, கிளிக் பண்ணேக்க பொயின்ற் எங்கயோ பாயுது, இமேஜின்ர மூலைக்கும் நான் முதல் கீறி வைச்ச கோட்டுக்கும் போய் ஒட்டுது. அதாலதான் ஒவ்வொரு தரமும் வேற அளவு வந்ததோ?

மட்டத்தடி
அதுவும் ஒரு காரணம். F3 அடிச்சு ஓஸ்னாப்பை நிப்பாட்டுங்கோ, ஸ்கான் படத்துக்குள்ள இருக்கிற கோட்டை ஓஸ்னாப்புக்குத் தெரியாது, அதுக்குத் தெரியிறது படத்தின்ர ஓரமும் நீங்கள் கீறினதும்தான். F8ஐயும் நிப்பாட்டுங்கோ, படம் கொஞ்சம் சரிஞ்சிருந்தா ஓர்த்தோ உங்களை நேராப் பிடிச்சு இழுக்கும். பேந்து கொமாண்டுக்குள்ள இருக்கேக்கயே எலிச்சில்லை உருட்டிச் சூம் பண்ணலாம், கோடு ஒரு விரல் மொத்தம் தெரியிற வரைக்கும் கிட்டப் போய்க் கோட்டின்ர வெளி ஓரத்தில கிளிக் பண்ணுங்கோ, பேந்து மற்றத் தொங்கலுக்குப் போய் அங்கயும் வெளி ஓரத்தில. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்கிறதுதான் முக்கியம். பேஸ் பொயின்றா முதல் மூலையையே குடுங்கோ, அப்ப அந்த மூலை அசையாம நிக்கும்.

இன்னொண்டு, R குடுத்த உடனை கேக்கிறது இப்ப இருக்கிற நீளம், அதுக்கு ரெண்டு கிளிக். பேந்து கேக்கிறதுக்குத்தான் 504. முதல் கேள்விக்கே 504 அடிச்சிட்டுப் படம் காணாமல் போச்சு எண்டு வந்து நிக்கிற பிள்ளையள் கன பேர். டெசிமல் யூனிற்ல இருந்தா 42' எண்டு அடிச்சா எடுக்காது, 504 எண்டுதான் அடிக்க வேணும்.

தூரதேசம்
நான் ரொறன்ரோவில இருந்து. எங்கட வீட்டுப் பிளானைத் தம்பி போனால படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினவன். நீங்கள் சொன்ன மாதிரி ஆக நீளமான சுவரைப் பிடிச்சன், முன்சுவர் சரியா வருகுது, பின்சுவர் அதே நீளம்தான் இருக்க வேணும் ஆனா ஒன்றரை அடி குறையுது. இதுக்கு என்ன செய்யிறது?

மட்டத்தடி
ஒண்டும் செய்ய ஏலாது, திருப்பி ஸ்கான் பண்ணச் சொல்லுங்கோ. போனைச் சரிச்சுப் பிடிச்சா கிட்ட இருக்கிற பக்கம் பெரிசாவும் தூர இருக்கிற பக்கம் சிறிசாவும் வரும். ஒரு அளவு முழுப் படத்தையும் ஒரே மாதிரித்தான் பெருப்பிக்கும், சதுரம் சரிவகமாப் போனதைத் திருத்தாது.

வடலி
போன்லயே டொக்கியுமென்ற் ஸ்கானர் அப் இருக்கு, நாலு மூலையையும் பிடிச்சா நேராக்கித் தரும்.

மட்டத்தடி
நேராத்தான் தெரியும். அது தாளின்ர அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சரியா வைச்சிருக்கும் எண்டு நான் நம்பமாட்டன். பாக்க நல்லாயிருக்கும், அளக்க நல்லாயிராது.

வடலி
நான் ரெண்டு வீட்டுக்கு உப்பிடித்தான் செய்தன், ஒரு பிரச்சினையும் வரேல்ல.

மட்டத்தடி
ரேப் போட்டுப் பாத்தனீங்களோ?

பூவரசு
ஐயோ சண்டை பிடிக்காதேங்கோ, எனக்குப் புதுப் பிரச்சினை. ஓஸ்னாப் நிப்பாட்டிச் செய்தன், முன்பக்கம் 42 அடி, மூண்டு தரம் செய்தாலும் இப்ப அரை இஞ்சிக்கு மேல மாறேல்ல. சந்தோசத்தில பக்கச் சுவரை DIST போட்டன். பிளான்ல 31'-6" எண்டு இருக்கு, எனக்கு 31 அடி 2 இஞ்சி வருகுது. நாலு இஞ்சி எங்க போச்சு? எத்தினை தரம் கிளிக் பண்ணினாலும் 31 அடி 2 தான்.

மட்டத்தடி
நல்ல வேலை செய்தீங்கள், செங்குத்தான மற்றப் பக்கத்தைப் பாக்காமக் கனபேர் இந்த இடத்திலயே கீறத் தொடங்கிடுவினம். கிளிக் பிழை எண்டா ஒவ்வொரு தரமும் மாறும். மாறாம ஒரே அளவு வந்தா அது படத்தில உள்ள பிழை.

378 இஞ்சி இருக்க வேண்டியது 374. ஒரு வீதத்துக்குக் கொஞ்சம் மேல. தாளை உருளை இழுத்துக்கொண்டு போற மெசின் கொப்பியிலயும் ஸ்கான்லயும் வாற குணம் இது, இழுக்கிற திசையில கொஞ்சம் நீளும் அல்லது கட்டையாகும், குறுக்குத் திசையில ஒண்டும் நடக்காது. எது செய்தது எண்டு பாக்க ஒரு வழி இருக்கு. திருப்பி அந்த அடிமட்டத்தை எடுத்துத் தாளில பக்கச் சுவரை அளவுங்கோ. 93 மில்லிமீற்றர் இருந்தா தாள் சரி, ஸ்கான் கடையில பிழை. 92 இருந்தா பழைய போட்டோக்கொப்பியே பிழை, திருப்பி ஸ்கான் பண்ணியும் பிரயோசனம் இல்லை.

பூவரசு
92. வடிவாப் பாத்தன், 92ஐத் தாண்டவே இல்லை.

சாந்தகப்பை
இடைக்கை வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. நான் மேசன் வேலையில முப்பது வருசம். பிளான்ல 31 அடி 6 எண்டா வீடு 31 அடி 6 எண்டு ஆர் சொன்னது? அந்தக் காலத்தில அத்திவாரம் வெட்டேக்க வீட்டுக்காரர் வந்து நிண்டு இஞ்சால ஒரு முழம் தள்ளு எண்டுவார், தள்ளித்தான் கட்டினம். உந்தப் படத்தைப் பிடிச்சு நாலு இஞ்சி எங்க எண்டு தேடுறதை விட்டுட்டு ரேப்பைக் கொண்டுபோய் வீட்டை அளக்கிறதுதானே. மேல்வீடு நிக்கப்போறது சுவரில, தாளில இல்லை.

மட்டத்தடி
இது முக்கியமான கதை, நான் முதலே கேட்டிருக்க வேணும். பூவரசு, வீட்டுக்குப் போக ஏலுமே? வெளிச்சுவர் ரெண்டு பக்கமும் ரேப் பிடியுங்கோ, ஒரு ஆளோட போங்கோ, தனியப் பிடிச்சா ரேப் தொய்யும்.

பூவரசு
நேற்றுப் பின்னேரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தனான். மாமி தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் தந்து ஒரு மணித்தியாலம் மறிச்சுப்போட்டா, அது வேற. முன்பக்கம் 42 அடி 1 1/2 இஞ்சி. பக்கம் 31 அடி 7 1/2 இஞ்சி.

சாந்தகப்பை
ரெண்டிலயும் ஒன்றரை கூட. பூச்சு. பக்கத்துக்கு முக்கால் இஞ்சி பூசியிருக்கு. அப்ப பிளான்படிதான் கட்டியிருக்கினம், நல்ல மேசன்.

மட்டத்தடி
அதேதான். பிளான்ல எழுதினது பூச்சு இல்லாமல் 42க்கு 31'6". எழுத்துச் சரி, வீடு சரி, படம் மட்டும் ஒரு பக்கம் அமுங்கியிருக்கு. இப்ப SCALE ஒண்டாலயே இதைத் திருத்த ஏலாது, ஏனெண்டா அது ரெண்டு பக்கத்தையும் சேத்துத்தான் பெருப்பிக்கும். பக்கச் சுவரைச் சரிக்கட்டினா முன்சுவர் 42 அடி 5 இஞ்சி ஆகிப்போகும்.

இமேஜை BLOCK ஆக்குங்கோ. அதுக்கு முதல் படம் நேரா நிக்குதோ எண்டு பாருங்கோ, சரிஞ்சிருந்தா ROTATE போட்டு முன்சுவரைக் கிடையாக்குங்கோ, இல்லாட்டிப் படம் கோணலா இழுபடும். BLOCK பெட்டியில Scale uniformly எண்ட டிக் இருந்தா எடுத்துவிடுங்கோ, பேஸ் பொயின்றா அதே முன் மூலை. பிறகு புளொக்கைத் தெரிவு செய்து Properties திறந்து Scale Yக்கு 378/374, அதாவது 1.0107 போடுங்கோ. X 1ஆவே இருக்கட்டும். ரெண்டையும் திருப்பி DIST போட்டுப் பாருங்கோ.

பூவரசு
மாஜிக் மாதிரி வந்திட்டுது அண்ணை! 42 அடி, 31 அடி 6. லெயரை லொக் பண்ணிப்போட்டுக் கீறத் தொடங்கிட்டன்.

அலுவாங்கு
ALIGN போட்டா ROTATEஉம் SCALEஉம் ஒரே தரத்தில முடியுமே? நான் 504 நீளத்துக்கு ஒரு கோடு கீறி வைச்சிட்டு ALIGN போட்டுப் படத்தில ஒரு மூலை, கோட்டில ஒரு தொங்கல், படத்தில மற்ற மூலை, கோட்டில மற்றத் தொங்கல், என்ரர் அடிச்சிட்டு கடைசியில Y குடுக்கிறது. படம் தானா வந்து உக்காரும்.

மட்டத்தடி
ஓம் நல்ல வழி, எனக்கும் அதுதான் கெதி. ஆனா கடைசிக் கேள்விக்கு என்ரரை மட்டும் அடிச்சா N எண்டு எடுத்துக்கொண்டு திருப்பி மட்டும் விடும், பெருப்பிக்காது. அமுங்கின படத்தை அதுவும் திருத்தாது.

தூரதேசம்
ஸ்கெச்சப்ல செய்யிறவை ஆராவது இருக்கிறீங்களோ? எனக்கு ஓட்டோகாட் இல்லை.

பூவரசு
ஸ்கெச்சப்ல Tape Measureஐ எடுத்துச் சுவரின்ர ரெண்டு தொங்கலையும் கிளிக் பண்ணிப்போட்டு எலியை விட்டுட்டு 42' எண்டு அடிச்சு என்ரர் குடுங்கோ, மொடலை ரீசைஸ் பண்ணவோ எண்டு கேக்கும், ஓம் எண்டுங்கோ. கம்பஸ்ல பழகினது. ஆனா படத்தைக் குறூப் ஆக்கி அதைத் திறந்து உள்ளுக்கை நிண்டு செய்யுங்கோ, இல்லாட்டி நீங்கள் ஏற்கனவே கீறி வைச்ச எல்லாமும் சேந்து பெருக்கும். நான் ஒருக்கா மேசை கதிரையையும் பஸ் அளவுக்கு ஆக்கினனான்.

பூவரசு
திருப்பியும் நான்தான். வெளிச்சுவர் எல்லாம் சரி. சமையலறையையும் பின் அறையையும் பிரிக்கிற சுவர் மட்டும் ஒரு கூத்து. படத்தில அளந்தா பின்சுவரில இருந்து 10 அடி 2 இஞ்சி. எழுதின அளவு அழிஞ்சு போச்சு, 10க்குப் பிறகு என்னவோ இருக்கு, 3ஓ 8ஓ தெரியேல்ல. வீட்டில அதை அளக்க மறந்துபோனன், அங்கால குசினி அலுமாரி நிண்டதால ரேப் போகவும் இல்லை. 10 அடி 3 எண்டு கீறட்டோ?

வடலி
படத்தில 10 அடி 2, அப்ப 10 அடி 3தான், சிம்பிள். 8 எண்டா அரை அடி பிழைக்குமே.

மட்டத்தடி
வடலி இந்த முறை சரியா இருக்கலாம். ஆனா நாங்கள் Yயை 1.0107 எண்டு முழுத் தாளுக்கும் ஒரே மாதிரி இழுத்தம், உருளை தாள் முழுக்க ஒரே மாதிரி வழுக்கினது எண்டு ஆர் சொன்னது. மேல் பாதி சரியா இருந்து கீழ் பாதியில ரெண்டு வீதம் வழுக்கியிருந்தாலும் மொத்தக் கணக்கு இப்பிடித்தான் வரும். வாசிக்கக்கூடிய உள் அளவு ஏதாவது அந்தப் பக்கத்தில இருக்கே?

பூவரசு
குளியலறை ஒண்டு 5'-0" எண்டு இருக்கு, படத்தில 4 அடி 11 1/2 வருகுது. அது சின்ன அளவு, நீங்கள் சொன்ன மாதிரிக் கிளிக் பிழையாவும் இருக்கலாம்.

சாந்தகப்பை
பிள்ளை, அந்தச் சுவருக்கு மேலதான் மேல்மாடிச் சுவர் வரப்போகுதோ?

பூவரசு
ஓம், பீம் அதுக்கு மேலதான் வருகுது.

சாந்தகப்பை
அப்ப அலுமாரியை நகத்துங்கோ.

பூவரசு
சரி, ஞாயிற்றுக்கிழமை மச்சானோட போறன். அலுமாரிக்குள்ள மாமியின்ர ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் இருக்கு, அவ விடுறாவோ தெரியேல்ல. அளந்திட்டு இங்க போடுறன்.